பைகஸ்பிட் வால்வு: கார்டியாலஜிஸ்ட் தந்த கடிதத்தைப் படிப்பது எப்படி?

பிள்ளைகளின் இதயத்தைப் பார்ப்பது என் வேலை. எக்கோ முடிந்ததும் பெற்றோருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதித் தருவேன். எதிரில் உட்கார்ந்து சொல்வதில் பாதி காதில் ஏறாது என்பதால்தான் அந்தக் கடிதமே. ஆனால் கடிதமும் வீட்டுக்குப் போன இரண்டாம் நாள் குழப்ப ஆரம்பிக்கிறது. "28 மி.மீ. வீக்கம்னு போட்டிருக்கே டாக்டர், வெடிச்சிடுமா?" என்று போன் வரும். அந்த போன் அழைப்புகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

பதினான்கு வயதுப் பையன். விளையாட்டுப் போட்டிக்கு முன் நடந்த பரிசோதனையில், ஸ்டெதஸ்கோப்பில் இதயத் துடிப்போடு சேர்ந்து 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டிருக்கிறது. அவனுக்கு வேறு எந்தத் தொந்தரவும் இல்லை. எக்கோ எடுத்த பிறகு எழுதும் கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருக்கும். பெயர் இல்லாத மாதிரிக் கடிதம்தான், ஆனால் எண்கள் எல்லாம் நடைமுறையில் வரக்கூடியவை:

> உங்கள் மகனின் அயோர்ட்டிக் வால்வில் மூன்று இதழ்களுக்குப் பதிலாக இரண்டுதான் இயங்குகின்றன. வலது, இடது இதழ்கள் பிறவியிலேயே ஒட்டியுள்ளன. லேசான இறுக்கம்: வேகம் நொடிக்கு 2.2 மீட்டர், அழுத்த வேறுபாடு 19. லேசான கசிவு. ஏறு மகாதமனி 28 மி.மீ., இசட் ஸ்கோர் +2.0. மகாதமனிக் குறுக்கம் இல்லை. மருந்து தேவையில்லை. ஒரு வருடத்தில் மீண்டும் எக்கோ.

படி 1: வால்வு பற்றிய வரியை முதலில் படியுங்கள்

இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாசலில் இருப்பது அயோர்ட்டிக் வால்வு. அதற்கு வழக்கமாக மூன்று இதழ்கள். கருவில் இதயம் உருவாகும்போதே இரண்டு இதழ்கள் பிரியாமல் ஒட்டிப்போனால், வால்வு இரண்டு இதழோடு திறந்து மூடும். இதைத்தான் பைகஸ்பிட் வால்வு என்கிறோம். எக்கோ திரையில் குறுக்குவெட்டாகப் பார்த்தால், திறக்கும் நேரத்தில் மூன்று மூலையாகத் தெரிய வேண்டிய வாய், மீனின் வாய் போல நீள்வட்டமாகத் தெரியும். அந்த 'டிக்' சத்தமும் இந்த இதழ்கள் திறந்து சட்டென்று நிற்பதால் வருவதுதான்.

நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு இது இருக்கிறது, ஆண்களிடம் கூடுதல். 'புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது' என்று நான் எழுதினால் புதிதாக வந்துவிட்டது என்று பொருள் இல்லை. பிறந்த நாளிலிருந்து இருந்தது இப்போது கண்ணில் பட்டிருக்கிறது, அவ்வளவுதான். போன வருடக் காய்ச்சலோ, அவன் ஓடிய ஓட்டமோ, கர்ப்பகாலத்தில் அம்மா சாப்பிட்ட எதுவுமோ காரணம் இல்லை.

படி 2: வேகத்தை எடுத்து ஒரு கணக்குப் போடுங்கள்

தண்ணீர்க் குழாயின் முனையை விரலால் பாதி மூடினால் தண்ணீர் பீறிடும் அல்லவா? வால்வு எவ்வளவு இறுக்கமோ, ரத்தம் அவ்வளவு வேகமாகப் பாயும். எக்கோ மெஷின் நேரடியாக அளப்பது அந்த வேகத்தைத்தான். அழுத்த வேறுபாடு அதிலிருந்து கணக்கிட்டு வருவது:

```
அழுத்த வேறுபாடு = 4 × வேகம் × வேகம்
4 × 2.2 × 2.2 = 19.4
```

வேகம் 2-இலிருந்து 3-க்குள் இருந்தால் லேசான இறுக்கம். 3-இலிருந்து 4-க்குள் நடுத்தரம். 4-ஐ எட்டினால் கடுமை. நம் பையன் 2.2; முதல் படியின் வாசலில் நிற்கிறான்.

வேகம் இரண்டு முறை பெருக்கப்படுவதால், அதில் சிறு அசைவு வந்தாலும் அழுத்த எண் பெரிதாக ஆடும். அடுத்த வருடம் வேகம் 2.3 என்று வந்தால் அழுத்தம் 21 ஆகிவிடும். வால்வு மாறியே இருக்காது. பையன் பதற்றத்தில் இருந்திருப்பான், அல்லது எக்கோ கருவியைப் பிடித்த கோணம் ஊசி முனை அளவுக்கு மாறியிருக்கும். காய்ச்சலோ ரத்தசோகையோ இருந்தாலும் எண் ஏறும். அதனால் காய்ச்சல் நாளில் எக்கோவுக்கு வர வேண்டாம், தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். கசிவைப் பொறுத்தவரை 'லேசான' என்ற சொல் அடுத்த வருடமும் அப்படியே இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

படி 3: மி.மீ.யைப் பார்க்காதீர்கள், இசட் ஸ்கோரைப் பாருங்கள்

பெற்றோர் தடுக்கி விழுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று போகலாம்.

இரண்டு இதழ் வால்வு உள்ளவர்களில் பலருக்கு, வால்வுக்கு மேலே, ரத்தத்தை உடம்புக்குக் கொண்டுபோகும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியும் விரியும் தன்மை கொண்டது. வால்விலிருந்து ரத்தம் சாய்வாகப் பாய்ந்து சுவரில் மோதுவது ஒரு காரணம். சுவரின் திசுவே சற்றுப் பலவீனமாக அமைந்திருப்பது இன்னொன்று. வால்வு நன்றாக இருந்தாலும் மகாதமனி விரியலாம் என்பதால்தான் வருடா வருடம் கூப்பிடுகிறோம்.

வளரும் பிள்ளைக்கு மகாதமனியும் வளர வேண்டும். 28 மி.மீ. என்பது ஆறு வயதுக் குழந்தைக்கு மிகப் பெரிது, ஆறடி இளைஞனுக்குச் சாதாரணம். அதனால் உயரத்தையும் எடையையும் வைத்து உடல் பரப்பளவைக் கணக்கிட்டு, அந்த அளவு உடம்புக்குச் சராசரியாக எத்தனை மி.மீ. இருக்கும், இவன் அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறான் என்று பார்க்கிறோம். அந்த விலகல்தான் இசட் ஸ்கோர். பூஜ்யம் என்றால் சராசரி. +2-ஐத் தாண்டினால் விரிவு என்று சொல்வோம்.

இந்தப் பையனின் இரண்டு வருடக் கணக்கைப் பாருங்கள்:

| | முதல் வருடம் | இரண்டாம் வருடம் |
|---|---|---|
| உயரம் | 163 செ.மீ. | 171 செ.மீ. |
| எடை | 50 கிலோ | 57 கிலோ |
| ஏறு மகாதமனி | 28 மி.மீ. | 29 மி.மீ. |
| இசட் ஸ்கோர் | +2.0 | +1.9 |

மி.மீ. ஒன்று கூடியிருக்கிறது. அம்மாவுக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் பையன் எட்டு செ.மீ. வளர்ந்துவிட்டான், அவன் உடம்புக்கு எதிர்பார்த்த அளவும் ஏறக்குறைய ஒரு மி.மீ. கூடிவிட்டது. அவன் வளர்ந்த அளவுக்குத்தான் ரத்தக்குழாயும் வளர்ந்திருக்கிறது. இதையே திருப்பிப் போடுங்கள்: உயரமும் எடையும் அப்படியே இருக்க, 28 என்பது 31 ஆகி, இசட் ஸ்கோர் +3-ஐத் தாண்டியிருந்தால் அடுத்த எக்கோவுக்கு ஒரு வருடம் காத்திருக்க மாட்டேன், ஒரு எம்ஆர்ஐயும் கேட்பேன்.

அளவில் இன்னொரு சிக்கலும் உண்டு. எக்கோவில் ஒன்றிரண்டு மி.மீ. முன்பின் வருவது இயல்பு. ரத்தக்குழாயின் உள்விளிம்பிலிருந்து அளந்தார்களா, வெளிவிளிம்பைச் சேர்த்தார்களா, இதயம் சுருங்கியபோதா விரிந்தபோதா என்பதைப் பொறுத்தே இரண்டு மி.மீ. வரை மாறலாம். குழந்தைகளுக்கு அளக்கும் முறை ஒன்று, பெரியவர்களுக்கு வேறு. இசட் ஸ்கோருக்கான சூத்திரங்களும் ஒன்றுக்கு மேற்பட்டவை. ஆகவே முடிந்தவரை ஒரே இடத்தில் எக்கோ எடுங்கள். இடம் மாற வேண்டியிருந்தால் ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படங்களையும் வாங்கிக்கொள்ளுங்கள். புது டாக்டர் பழைய படத்தைத் தானே அளந்து பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். அளந்தது எந்த இடத்தில் என்பதையும் பாருங்கள்: வால்வை ஒட்டிய வேர்ப்பகுதியும் அதற்கு மேலுள்ள ஏறு மகாதமனியும் வேறு வேறு. போன வருட வேரை இந்த வருட ஏறு மகாதமனியோடு ஒப்பிட்டுவிட்டு அலறக்கூடாது.

இணையத்தில் '55 மி.மீ. ஆனால் அறுவை சிகிச்சை' என்று படித்திருப்பீர்கள். அது பெரியவர்களுக்கான பேச்சு. 50-இலிருந்து 55-க்குள் என்ன செய்வது என்பது பிற காரணங்களைப் பொறுத்தது. 28-இல் நிற்கும் பையனுக்கு அந்த எண் இப்போது வேண்டாம்.

படி 4: 'குறுக்கம் இல்லை' என்ற வரியைத் தவறவிடாதீர்கள்

இந்த வால்வோடு சிலருக்கு மகாதமனி இறங்கும் இடத்தில் இறுகியிருக்கும். கையில் ரத்த அழுத்தம் அதிகமாகவும் காலில் குறைவாகவும் இருந்தால் சந்தேகம் வரும். உங்கள் கடிதத்தில் இந்த வரியே இல்லையென்றால், "காலில் பிபி பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். டாக்டர் கோபிக்க மாட்டார்.

படி 5: வீட்டில் உள்ள மற்றவர்களையும் சேருங்கள்

அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு எக்கோ. நெருங்கிய ரத்த உறவில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இதே வால்வு இருக்க வாய்ப்புண்டு. பையனைக் காட்ட வந்த இடத்தில் நாற்பத்தைந்து வயது அப்பாவுக்குப் பெரிய மகாதமனி இருப்பது தெரிய வருவது இந்தத் துறையில் யாருக்கும் புதிதில்லை. நியாயமாக அவரைத்தான் நான் முதலில் கவலையோடு பார்ப்பேன்.

படி 6: இடைப்பட்ட வருடத்தில் என்ன செய்வது

விளையாடட்டும். ஓட்டம், நீச்சல், பந்து எதற்கும் இந்த எண்களில் தடை இல்லை. மூச்சை அடக்கி, முக்கித் தூக்கும் பெரிய எடைகள் மட்டும் வேண்டாம். அந்த நொடியில் ரத்த அழுத்தம் எகிறும், மகாதமனியின் சுவர்தான் அதைத் தாங்க வேண்டும்.

பல்லைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டர். ஈறிலிருந்து ரத்தத்தில் கலக்கும் கிருமி இந்த வால்வில் ஒட்டிக்கொள்ளலாம். முன்பெல்லாம் பல் சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாடிக் கொடுப்போம். வால்வில் தொற்று வந்த வரலாறு இல்லாதவர்களுக்கு இப்போது வழக்கமாகத் தருவதில்லை. ஆனால் காரணம் தெரியாத காய்ச்சல் ஒரு வாரத்துக்கு மேல் இழுத்தால், ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கும் முன் ரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுக்கச் சொல்லுங்கள். மாத்திரை போட்ட பிறகு எடுத்தால் கிருமி அகப்படாமல் போகலாம்.

ஓடும்போது மயக்கம், ஓடும்போது நெஞ்சுவலி, முன்பு ஏறிய படிக்கட்டில் இப்போது மூச்சு வாங்குவது: இவை வந்தால் அடுத்த வருடத் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். திடீரென்று நெஞ்சிலோ முதுகிலோ பிளப்பது போன்ற வலி வந்தால் நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள். அங்கே முதல் வார்த்தையாக 'பைகஸ்பிட் வால்வு' என்று சொல்லுங்கள்.

படி 7: ஒரே தாள், ஒவ்வொரு வருடமும் ஒரு வரி

கடிதங்களைக் கோப்பில் போடுங்கள். மேலே உள்ள அட்டவணையைப் போல ஒரு தாள் தயார் செய்து முன்னால் வையுங்கள்: தேதி, உயரம், எடை, பிபி, வேகம், கசிவு, வேர், ஏறு மகாதமனி, இசட் ஸ்கோர், எக்கோ எடுத்த இடம். நான் கோப்பைத் திறந்ததும் தேடுவது அந்தத் தாளைத்தான்.

அப்புறம், பதினாறு வயதானதும் அதை அவனே எழுதட்டும். என் அறையில் உட்கார்ந்ததும் அம்மாவைப் பார்த்துக் கேட்காமல் அவனைப் பார்த்துத்தான் கேட்பேன்: "உனக்கு என்ன வால்வு? கடைசி இசட் ஸ்கோர் எவ்வளவு?" முதல் வருடம் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பான். இரண்டாம் வருடம் பெரும்பாலும் தானே சொல்லிவிடுவான்.