49,000 ரூபாயாகப் பிரித்துக் கட்டினால் தெரியாதா? வங்கியில் ரொக்கம் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டுக்கோட்டைப் பக்கம் ஆறு ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர், வருமான வரித் துறையிலிருந்து வந்த கடிதத்தோடு என்னைப் பார்க்க வந்தார். நான் வங்கிக் கவுண்டரிலும் கிளை நிர்வாகத்திலும் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். "சார், நான் ஒரு ரூபாய்கூடத் தப்பாகச் சம்பாதிக்கவில்லை. எனக்கு ஏன் இது?" என்று கேட்டார். பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தேன். 2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் ஒரே சேமிப்புக் கணக்கில் 24 தடவை ரொக்கம் கட்டியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் சரியாக 49,000 ரூபாய். மொத்தம் 11,76,000.

ஏன் 49,000 என்று கேட்டேன். ஐம்பதாயிரத்துக்கு மேல் போனால் பான் எண் கேட்பார்கள், பான் கொடுத்தால் வரி ஆபீசுக்குப் போய்விடும் என்று டீக்கடையில் யாரோ சொன்னார்களாம். அந்த ஒரு பேச்சுதான் நல்ல பணத்தைச் சந்தேகப் பணமாக்கியது.

முதலில் எல்லைத் தொகைகளைப் பார்த்துவிடலாம். நான் சொல்பவை 2023-24 நிதியாண்டில், 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் கீழ் இருந்தவை. 2026 ஏப்ரலிலிருந்து புதிய வருமான வரிச் சட்டம் என்பதால், இப்போது கட்டப் போகிறவர்கள் பான் எல்லையையும் வரி விகிதத்தையும் கிளையிலோ ஆடிட்டரிடமோ ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கட்டினால் சலானில் பான் எண் எழுத வேண்டும். இது அடையாளத்துக்கான எல்லை மட்டுமே. இதைத் தாண்டினால் வரி என்றோ, தாண்டாவிட்டால் யாருக்கும் தெரியாது என்றோ பொருள் இல்லை. நம் விவசாயியின் கணக்கில் பான் எண் ஏற்கெனவே இணைக்கப்பட்டிருந்தது. அதனால் சலானில் அதை எழுதாமல் விட்டதால் அவருக்கு எந்த மறைப்பும் கிடைக்கவில்லை.

வருமான வரித் துறைக்குப் போகும் எல்லை வேறு. ஒரு நிதியாண்டுக்குள் ஒருவருடைய சேமிப்புக் கணக்குகளில் கட்டிய ரொக்கம் மொத்தமாக 10 லட்சத்தைத் தொட்டால், வங்கி அதை ஆண்டறிக்கையில் சேர்த்து அடுத்த மே 31க்குள் துறைக்கு அனுப்பிவிடும். நடப்புக் கணக்குக்கு இந்த எல்லை 50 லட்சம். இங்கே கணக்கில் வருவது ஆண்டின் மொத்தம்தான், ஒவ்வொரு தடவை கட்டிய தொகை அல்ல. 49,000 ஆகக் கட்டினாலும், ஒரே தடவையில் கட்டினாலும் கூட்டுத்தொகை அதே 11,76,000தான்.

மூன்றாவது, சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருவது. 10 லட்சத்துக்கு மேல் ரொக்கப் பரிவர்த்தனை நடந்தால், வங்கி அதை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் புதுதில்லியில் உள்ள நிதி நுண்ணறிவுப் பிரிவுக்குச் சொல்ல வேண்டும். ஒன்றோடொன்று தொடர்புள்ள சிறு தொகைகள் ஒரு மாதத்தில் சேர்ந்து 10 லட்சத்தைத் தாண்டினாலும் அதே விதிதான். இந்த அறிக்கை குற்றச்சாட்டு அல்ல. கடைக்காரர், பெட்ரோல் பங்க்காரர், மண்டபக்காரர் என்று நேர்மையாகத் தொழில் செய்யும் எத்தனையோ பேரின் பெயர் அதில் மாதாமாதம் போகிறது. யாரும் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை.

ஆனால் சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கை என்று இன்னொன்று இருக்கிறது. அதற்கு எல்லைத் தொகையே கிடையாது. ஒரு பரிவர்த்தனை வாடிக்கையாளரின் தொழிலோடும் பழக்கத்தோடும் ஒட்டவில்லை, அல்லது விதியைச் சுற்றிப் போவதற்காகவே இப்படி அமைத்திருக்கிறார் என்று வங்கிக்குத் தோன்றினால் போதும். முடிவுக்கு வந்ததும் தாமதமின்றி அனுப்பியாக வேண்டும். ஒரே தொகை, எல்லைக்குச் சற்றுக் கீழே, வரிசையாக 24 தடவை என்பது இந்த வகைக்குப் பாடம் நடத்தும்போது காட்டுகிற உதாரணம். கேஷியர் கவனிக்காவிட்டாலும் வங்கியின் மென்பொருள் கவனிக்கும். பிரித்துக் கட்டுகிறவர் உண்மையில் செய்வது இதுதான்: மாதாமாதம் போகும் சாதாரணப் பட்டியலில் போயிருக்க வேண்டிய தன் பெயரை, சந்தேகப் பட்டியலுக்கு அவரே தள்ளிவிடுகிறார். அப்படி ஓர் அறிக்கை போனதா என்று கிளையில் கேட்டால் பதில் வராது. வாடிக்கையாளரிடம் அதைச் சொல்லக் கூடாது என்பது சட்டம்.

சரி, வங்கி ஏன் "பணம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்கிறது? பலருக்கு இது அவமானமாகப் படுகிறது. "என் பணத்தைப் போட நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்?" என்று சத்தம் போட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கணக்கு தொடங்கும்போது படிவத்தில் தொழில், ஆண்டு வருமானம் என்று எழுதிக் கொடுக்கிறோம் இல்லையா, வங்கி உங்களைப் பற்றி வைத்திருக்கும் சித்திரம் அதுதான். "விவசாயம், ஆண்டு வருமானம் ஒரு லட்சம்" என்று பத்து வருடத்துக்கு முன் எழுதிய கணக்கில் இரண்டே மாதத்தில் பதினோரு லட்சம் வந்தால், அந்த இடைவெளிக்குக் காரணத்தை எழுதி வைக்க வேண்டிய கடமை கிளைக்கு இருக்கிறது. கேட்கவில்லை என்றால் அபராதம் வங்கிக்கு. கேட்ட ஊழியர் உங்களைத் திருடன் என்று நினைக்கவில்லை. கோப்பில் அந்தக் கட்டத்தை நிரப்பப் பார்க்கிறார். வருமானம் உயர்ந்திருந்தால் கேஒய்சி விவரத்தை முன்கூட்டியே திருத்திக் கொடுத்துவிடுங்கள், கேள்வியே பாதியாகக் குறைந்துவிடும்.

நம்மவர் இங்கேதான் இரண்டாவது தவற்றைச் செய்தார். ஒன்பதாவது தடவையோ பத்தாவது தடவையோ கட்டப் போனபோது அதிகாரி கேட்டிருக்கிறார். பயத்தில், "மச்சான் கடனாகக் கொடுத்தது" என்று சொல்லிவிட்டார். தேங்காய் விற்ற காசு என்ற உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. இந்தப் பொய்தான் ஆபத்து. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்கவே கூடாது என்று வருமான வரிச் சட்டத்தின் 269எஸ்எஸ் பிரிவு சொல்கிறது. மீறினால் வாங்கியவருக்கு வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க முடியும். கொடுப்பவர், வாங்குபவர் இருவருக்கும் விவசாய வருமானம் மட்டும் இருந்து, வரிக்குரிய வருமானம் இல்லாவிட்டால் விலக்கு உண்டு. ஆனால் அவர் மச்சான் அரசுப் பள்ளி ஆசிரியர். அந்த விலக்கும் கிடைக்காது. இல்லாத கடனுக்கு இருக்கிற அபராதம்! நல்லவேளையாக, துறைக்குப் பதில் எழுதும்போது உண்மையையே எழுதினோம். வங்கியில் சொன்னது ஏன் வேறாக இருக்கிறது என்பதற்கும் சேர்த்து விளக்கம் எழுத வேண்டி வந்தது.

உறவினர் அன்பளிப்பாகக் கொடுத்தார் என்று சொல்பவர்களும் உண்டு. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர் தரும் அன்பளிப்புக்கு வரி இல்லை என்பது சரிதான். ஆனால் ஒருவரிடமிருந்து ஒரே நாளில் இரண்டு லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறக் கூடாது என்ற 269எஸ்டி பிரிவு உறவினருக்கும் பொருந்தும். (இதே பிரிவை வைத்து "இரண்டு லட்சத்துக்கு மேல் வங்கியில் கட்டவே கூடாது" என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. வங்கி பெறும் பணத்துக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.)

மனைவி பெயரையும் சேர்த்து இருக்கும் கூட்டுக் கணக்கில் போட்டால் பாதிப் பாதியாகிவிடும் என்பதும் நடக்காது. ஆண்டறிக்கையில் முழுத் தொகையும் இருவர் பெயரிலும் பதிவாகும். ஒருவர் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இரண்டு பேர் சொல்ல வேண்டியிருக்கும்.

இனி அவருடைய பணத்துக்கு எப்படிக் கணக்குக் காட்டினோம் என்று சொல்கிறேன். விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை. ஆனால் அது விவசாய வருமானம்தான் என்று காட்டும் பொறுப்பு நம்முடையது. காட்ட முடியாத தொகையை விளக்கப்படாத பணமாக எடுத்துக்கொள்வார்கள். அந்த ஆண்டு அதற்கு வரி, கூடுதல் வரி, செஸ் எல்லாம் சேர்ந்து 78 விழுக்காடு. அடிப்படை வரிவிலக்குத் தொகையைக்கூட அதில் கழிக்க முடியாது. முழுத் தொகைக்கும் அப்படிப் போட்டிருந்தால் 9,17,280 ரூபாய் போயிருக்கும்.

ஆறு ஏக்கர், ஏக்கருக்கு 70 மரம் என்றால் 420 மரம். மரத்துக்கு ஆண்டுக்கு 110 காய் வைத்தால் 46,200 காய். காய் 11 ரூபாய் என்று போட்டால் 5,08,200. வெட்டுக்கூலி, உரம், உழவு என்று 1,16,000 கழித்தால் கையில் 3,92,200. மூன்று வருடத்துக்கு 11.76 லட்சம் சரியாக வருகிறது. ஆனால் அதிகாரி உடனே கேட்பது, "அப்படியானால் சாப்பாட்டுச் செலவு?" என்பதுதான். மூன்று வருட வருமானம் அப்படியே பெட்டியில் இருந்தது என்றால் குடும்பம் எதில் ஓடியது என்று சொல்லியாக வேண்டும். மகன் சம்பளத்திலிருந்து மாதாமாதம் அனுப்பிய பணம் மனைவியின் கணக்கில் இருந்தது. அந்த பாஸ்புக் நகலை வைத்தோம். நிலத்துக்குச் சிட்டா, தென்னை என்று பயிர் குறித்திருக்கும் அடங்கல். விற்பனைக்கு, வெட்டு முடிந்ததும் வியாபாரி கொடுக்கும் துண்டுச் சீட்டு. ஒவ்வொரு விற்பனையும் இரண்டு லட்சத்துக்குள் இருந்ததால் ரொக்கமாக வாங்கியதிலும் சிக்கல் இல்லை. (நெல் என்றால் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அரசுக் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் நேராக வங்கிக் கணக்குக்குத்தான் வரும். அதை ரொக்கமாக வாங்கினேன் என்று எழுதினால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.)

இரண்டு வருடச் சீட்டுகள் இருந்தன. மூன்றாவது வருடத்துக்குப் பாதிதான் கிடைத்தது. வியாபாரி தன் பேரேட்டு நகலைக் கொடுத்தார், அதிலும் இரண்டு வெட்டுகள் இல்லை. கடைசியில் 1,40,000 ரூபாய்க்கு ஆதாரம் இல்லை என்று சொல்லி, அதற்கு மட்டும் 1,09,200 வரி போட்டார்கள். மிச்சத்தை ஏற்றுக்கொண்டார்கள். அந்தந்த வருடமே கட்டியிருந்தால் ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்குள்தான் வந்திருக்கும், 10 லட்சம் என்ற எல்லையின் பக்கமே போயிருக்காது என்று அன்றைக்கு அவரிடம் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை.

இப்போது ஒவ்வொரு வெட்டு முடிந்த வாரத்திலும் மொத்தத் தொகையையும் ஒரே சலானில் கட்டுகிறார். எழுபதாயிரம் வந்தால் எழுபதாயிரம், பான் எண்ணோடு. வியாபாரியின் சீட்டில் காய் எண்ணிக்கை, விலை, தேதி, கையெழுத்து எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, சலானின் அடிக்கட்டையோடு சேர்த்துப் பின் அடித்து வைக்கிறார். அந்தச் சீட்டு மை ஆறு மாதத்தில் மங்கிவிடுகிறது, அதனால் வாங்கிய அன்றே பேத்தி போனில் படம் எடுத்துவிடுகிறாள்.