உங்கள் ஃபோன் எண்ணை வேறொருவர் போட்டுவிட்டாரா? நீக்கும்போது செய்யும் தவறுகள்

பழைய கேமரா ஒன்றை விற்றதில் தகராறு. வாங்கியவர் கோபத்தில் என் தோழியின் ஃபோன் எண்ணையும் வீட்டு முகவரியையும் ஃபேஸ்புக்கில் போட்டு, “கூப்பிட்டுக் கேளுங்கள்” என்று எழுதிவிட்டார். அவள் உடனே அதன் கீழேயே, “என் நம்பரை எடுத்துவிடு” என்று கமென்ட் போட்டாள். அதுவரை அந்த எண் யாருடையது என்று பார்ப்பவர்களுக்கு நிச்சயமில்லை. இப்போது அவளே உறுதி செய்துவிட்டாள். அப்புறம் நியாயம் கேட்க, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எண்ணை மறைக்காமல் தன் பக்கத்திலும் போட்டாள். ஓரிடத்தில் இருந்தது ஈரிடமானது.

புகார் கொடுத்ததிலும் சறுக்கல். பதிவை விட்டுவிட்டு ஆளின் பக்கத்தைப் புகார் செய்தாள். பக்கத்தில் விதிமீறல் இல்லை என்று பதில் வந்தது. புகார் அந்தக் குறிப்பிட்ட பதிவின் மேல்தான் போக வேண்டும். பதிவில் இருக்கும் நேரத்தைத் தட்டினால் அதற்கென்றே உள்ள இணைப்பு திறக்கும். கமென்டில் எண் இருந்தால் அந்தக் கமென்டைத் தனியாகப் புகார் செய்ய வேண்டும். காரணம் கேட்கும்போது அவசரத்தில் ‘ஸ்பேம்’ என்று தட்டாதீர்கள். தனிப்பட்ட தகவல், தனியுரிமை என்பதற்கு நெருக்கமான பிரிவைத் தேடுங்கள்.

அதற்கு முன்பே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்: போட்டவர் பெயர், தேதி, இணைப்பு மூன்றும் தெரிய வேண்டும். பதிவு போன பிறகு காவல்துறைக்குக் காட்ட வேறு எதுவும் கையில் இருக்காது. அசல் பதிவு நீங்கினால் அதை ‘ஷேர்’ செய்தவர்களிடமும் அது காணாமல் போகும். ஆனால் எண்ணை நகலெடுத்துத் தன் பதிவாகப் போட்டவர்களின் பதிவுகள் அப்படியே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனிப் புகார்தான், வேறு வழியில்லை.

கூகுள் விஷயத்தில் குழப்பம் இன்னும் அதிகம். ஃபோன் எண், முகவரி இருக்கும் பக்கங்களைத் தேடல் முடிவுகளிலிருந்து எடுக்கும்படி கேட்க அங்கே ஒரு படிவம் உண்டு. கோரிக்கை ஏற்கப்பட்டாலும் அந்தப் பக்கம் இணையத்தில் இருந்துகொண்டேதான் இருக்கும். நேரடி இணைப்பு வைத்திருப்பவர் திறந்து பார்க்கலாம். அதனால் தளத்தை நடத்துபவருக்கும் எழுத வேண்டும். அவர் அடையாள அட்டை நகல் கேட்டால் அப்படியே அனுப்பிவிடாதீர்கள். எடுக்கச் சொன்ன தகவலைவிட அதிகமாக அல்லவா கொடுத்ததாகிவிடும்!

தளத்துக்காரர் நீக்கிய பிறகும் கூகுளில் பழைய வரிகள் தெரிந்தால், அதற்கு Refresh Outdated Content என்ற வேறொரு கருவி இருக்கிறது. பலர் இரண்டையும் மாற்றிப் பயன்படுத்திவிடுகிறார்கள். பக்கத்தில் எண் இன்னும் இருக்கும்போது இந்தக் கருவிக்கு அனுப்பினால் கோரிக்கை நிராகரிக்கப்படும்.

சில சமயம் கூகுள் உங்கள் பெயரை வைத்துத் தேடும்போது மட்டும் முடிவை மறைக்கும். ஆகவே பெயரை மட்டும் தேடிப் பார்த்துவிட்டு, சரி, போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள். எண்ணைத் தனியாகவும், முகவரியைத் தனியாகவும் தேடிப் பாருங்கள்.