போட்டோவைப் பார்த்தே மல்ட்டிமீட்டரை எடைபோடுவது எப்படி?

சுங்கை சிப்புட்டில் எங்கள் லயத்துக்குப் பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவன் போன வாரம் வாட்சாப்பில் ஒரு படம் அனுப்பினான். "அண்ணே, 18 வெள்ளி சொல்றாங்க, யாரோ யூஸ் பண்ணது. வாங்கலாமா?" மஞ்சள் உறை போட்ட கறுப்பு மீட்டர், நடுவில் வட்டமான டயல், கீழே மூன்று ஓட்டைகள். போன் சார்ஜர் கொடுக்கும் 5 வோல்ட்டில் சின்ன எல்இடி விளக்கு செய்து பழகுகிறான், அதற்குத்தான் இது. படத்தில் நான் எதை எதைப் பார்த்தேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. உறையை விட்டுவிட்டு டயலைப் படியுங்கள்

நிறமும் பெயரும் எதையும் உறுதியாகச் சொல்லாது. ஒரே மாதிரி மஞ்சள் மீட்டர் பல பெயர்களில் விற்கப்படுகிறது. டயலைச் சுற்றியுள்ள எழுத்துதான் அடையாளம். படத்தை விரல்களால் பெரிதாக்கிப் பாருங்கள்.

தம்பியின் படத்தில் டயலைச் சுற்றிக் கிட்டத்தட்ட இருபது நிலைகள் இருந்தன. பேட்டரி, சார்ஜர் போன்றவற்றின் வோல்ட்டை அளக்கும் DCV பக்கம் 200m, 2000m, 20, 200 என்று அடுக்கு. சுவர் மின்சார வோல்ட்டுக்கான ACV பக்கம் இரண்டே எண்கள். ஓரத்தில் hFE என்று டிரான்சிஸ்டர் செருகும் வட்டம். இவை மூன்றும் சேர்ந்திருந்தால் அது DT830 குடும்பம். எந்த அளவுக்குள் அளக்கிறோம் என்பதை நாமே திருப்பித் தேர்ந்தெடுக்க வேண்டிய, மிக மலிவான டிஜிட்டல் மீட்டர் அது. V, Ω என்று ஆறேழு நிலைகள் மட்டும் இருந்தால், அளவைத் தானாகவே தேர்ந்தெடுக்கும் வகையாக இருக்கும். விலையும் அதற்கேற்ப ஏறும்.

5 வோல்ட்டை அளக்க 20 என்ற நிலை போதும், 5.03 என்று இரண்டு தசமம் வரை காட்டிவிடும். எல்இடி வேலைக்கு அதற்கு மேல் துல்லியம் தேவையில்லை.

இன்னொன்றையும் தேடுங்கள்: ஒலி அலை போன்ற வளைவுக் கோடுகள் உள்ள சின்னம். அது இருந்தால், இரண்டு முனைகளுக்கிடையே இணைப்பு இருக்கும்போது மீட்டர் 'பீப்' என்று ஒலிக்கும். ஈயம் வைத்த இடம் ஒட்டியிருக்கிறதா, பக்கத்துக் கோட்டோடு தவறாகச் சேர்ந்துவிட்டதா என்று பார்க்கும்போது கண் பலகையிலேயே இருக்கலாம், திரையைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். இந்தக் குடும்பத்தில் சிலவற்றில் அது உண்டு, சிலவற்றில் இல்லை. ஐந்தாறு வெள்ளி கூடினாலும் ஒலிக்கும் மீட்டரை வாங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன். தம்பியின் படத்தில் அந்தச் சின்னம் இருந்தது.

2. மூன்று ஓட்டைகள்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

அவன் படத்தில் கறுப்பு ஒயர் COM ஓட்டையில் இருந்தது, சரி. சிவப்பு ஒயரோ 10A என்ற ஓட்டையில் இருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்குப் போன் செய்துவிட்டேன்.

வோல்ட்டும் ஓமும் அளக்க, சிவப்பு ஒயர் VΩmA என்ற ஓட்டையில் இருக்க வேண்டும். 10A ஓட்டைக்கும் COM ஓட்டைக்கும் நடுவே உள்ளே இருப்பது வெறும் தடித்த கம்பித் துண்டு. அந்த நிலையில் பேட்டரியின் இரு முனைகளைத் தொட்டால், டயல் எந்த நிலையில் இருந்தாலும் பேட்டரி ஷார்ட் ஆகும். நான் ஒருமுறை மோட்டார் சைக்கிள் பேட்டரியில் இப்படித் தொட்டேன். தீப்பொறி பறந்தது, ஒயரின் உறை உருகிக் கையில் ஒட்டியது. அது 12 வோல்ட்தான்.

அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் UNFUSED என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அந்தப் பாதையில் ப்யூஸ் இல்லை என்று மீட்டரே ஒப்புக்கொள்கிறது. அவன் படத்தில் அது தெளிவாகவே தெரிந்தது.

இதனால்தான் அவனிடம் அடுத்த கேள்வி கேட்டேன்: "வீட்டுல வேற எதுக்கும் யூஸ் பண்ணுவியா?" அப்பா சுவர் ப்ளக்கில் கரண்ட் வருகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறாராம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். டயலில் ACV 600 அல்லது 750 என்று இருப்பதால் அளந்துவிடலாம் போலத் தோன்றும். சிவப்பு ஒயர் தவறிப்போய் 10A-இல் இருந்தால் அங்கே தடுக்க ஒன்றுமில்லை. எந்த வகை மின்சார வேலைக்குப் பாதுகாப்பானது என்று காட்ட உறையில் CAT II, CAT III என்று அச்சடித்திருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். பின்மூடியைத் திறந்து எடுத்த படம் கிடைத்தால் ப்யூஸைப் பாருங்கள். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளமான கண்ணாடிக் குழாய் ஒன்று மட்டும் இருந்தால், அது பேட்டரி வேலைக்கான மீட்டர். சுவர் மின்சாரத்துக்கென்று செய்தவற்றில், 10A பாதையிலும் சேர்த்து, பருத்த பீங்கான் ப்யூஸ் இருக்கும்.

ஆகவே என் தீர்ப்பு: தம்பியின் எல்இடி வேலைக்கு இது பொருந்தும். அப்பா கேட்கிற வேலைக்குப் பொருந்தாது. அதற்கு வயர்மேனைக் கூப்பிடுங்கள் என்றேன்.

3. விற்பவரிடம் இன்னும் இரண்டு படம் கேளுங்கள்

அணைத்து வைத்த மீட்டரின் படம் அது வேலை செய்கிறதா என்பதைச் சொல்லாது. டயலை ஓம் பக்கம் 200 என்ற நிலைக்குத் திருப்பச் சொல்லுங்கள். சிவப்பு ஒயர் VΩmA-இல் இருக்கட்டும்.

முதல் படம், இரண்டு முனைகளும் தொடாமல். திரையின் இடது ஓரத்தில் 1 மட்டும் தனியாக நிற்க வேண்டும். பலர் இதைப் பழுது என்று நினைக்கிறார்கள். அளவு வரம்பைத் தாண்டிவிட்டது என்பதுதான் அதன் பொருள்.

இரண்டாவது படம், முனைகள் ஒன்றையொன்று தொட்டபடி. 00.3, 00.6 என்பது போல ஒரு ஓமுக்குள் வர வேண்டும். அந்தச் சிறு எண் ஒயரின் சொந்தத் தடை. தொட்ட பிறகும் 1 நிற்கிறது, அல்லது 4, 5 என்று வருகிறது என்றால் பெரும்பாலும் ஒயர் பிடியின் கழுத்தில் உள்ளே அறுந்திருக்கும். ஒயரை மாற்றலாம், ஆனால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். திரையில் பேட்டரி சின்னம் தெரிந்தால் உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டது. அந்த நிலையில் மீட்டர் வோல்ட்டை உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும்.

தம்பிக்கு வந்த இரண்டாவது படத்தில் 00.5 இருந்தது.

4. படம் சொல்லாத ஒன்று

mA பாதையின் ப்யூஸ் போயிருந்தால் படத்தில் தெரியாது. அதை நேரில்தான் பார்க்க வேண்டும். இரண்டு ஏஏ பேட்டரிகளை வரிசையாகச் சேர்த்தால் 3 வோல்ட். அதோடு 1000 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, அப்புறம் மீட்டர், மூன்றும் ஒரே வளையத்தில். டயலைக் கரண்ட் அளக்கும் DCA பக்கம் 20m-க்குத் திருப்புங்கள், சிவப்பு ஒயர் VΩmA-இலேயே இருக்கட்டும்.

```
3 V / 1000 Ω = 0.003 A = 3 mA
```

திரையில் 3-ஐ ஒட்டி வர வேண்டும். புது பேட்டரி என்றால் 3.2 வரை போகலாம். 0.00 என்றே நின்றால் ப்யூஸ் போயிருக்கிறது, அதே அளவுள்ள, 200 மில்லி ஆம்பியர் கண்ணாடி ப்யூஸை மாற்றிப் போடுங்கள். கம்பியைச் சுற்றி ஒட்டுப் போடாதீர்கள்.

தம்பி சாயங்காலமே போய்ச் சோதித்தான், 0.00 வந்தது. முன்பு வைத்திருந்தவர் ஏதோ அதிகக் கரண்ட்டை அந்த ஓட்டையில் அளந்திருக்கிறார், அப்புறம்தான் சிவப்பு ஒயரை 10A-க்கு மாற்றிச் செருகியிருக்க வேண்டும். 15 வெள்ளிக்குப் பேசி வாங்கினான். ப்யூஸ் மாற்றிய பிறகு 3.14 காட்டியது.