உயிலில் எழுதப்படாத சொத்து: தென்னாப்பிரிக்கச் சட்டப்படி பங்கிடும் முறை

சாட்ஸ்வொர்த்தில் வாழ்ந்த என் பெரியப்பா தம் வீட்டை மூத்த மகளுக்கு எழுதிவைத்து ஓர் உயில் செய்திருந்தார். அதன்பின் அவர் சேர்த்த வங்கி வைப்புநிதி, யூனிட் டிரஸ்ட் முதலீடு, கார் ஆகியவற்றைப் பற்றி உயிலில் ஒரு வரியும் இல்லை. "மீதமுள்ள அனைத்தும் இன்னாருக்கு" என்ற வாசகமும் இல்லை. அவர் காலமானபின் உயில் நிறைவேற்றும் பொறுப்பு என்மேல் விழுந்தது. அப்போது நான் பிழை செய்து திருத்திக்கொண்ட கணக்கையே இங்கே விளக்குகிறேன். மரணத்தைப் பதிவு செய்வதும் படிவங்களை நிரப்புவதும் எல்லா மரணச் சொத்துகளுக்கும் பொதுவானவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் படி: எது உயிலுக்குள், எது வெளியே, எது இரண்டிலும் இல்லை

சொத்துகளை மூன்று பத்திகளாகப் பிரித்து எழுதுங்கள். உயில் பெயர் சொல்லித் தரும் சொத்து முதல் பத்தி. உயில் தொடாத சொத்து இரண்டாம் பத்தி. 1987-ஆம் ஆண்டின் 81-ஆம் எண் உயிலற்ற வாரிசுரிமைச் சட்டம் இந்தப் பத்தியை மட்டுமே ஆள்கிறது, ஏனெனில் உயிலின் வழியே போகாத எந்தப் பகுதியும் "உயிலற்ற சொத்து" என்பதில் அடங்கும் என்று அச்சட்டமே வரையறுக்கிறது. பயனாளியின் பெயர் குறிக்கப்பட்ட ஆயுள் காப்பீட்டுத் தொகையும், அறங்காவலர்கள் முடிவு செய்யும் ஓய்வூதிய நிதியின் மரணப் பலனும் மூன்றாம் பத்திக்கு உரியவை. அவற்றைப் பங்குக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

உயிலில் பெயரிடப்பட்டவர் முன்பே இறந்திருந்தால் சற்று நிதானியுங்கள். அவர் உயில் எழுதியவரின் மகனோ மகளோ என்றால், உயில் வேறு விதமாகச் சொல்லாதவரை, அவருடைய பிள்ளைகளே அந்த இடத்தில் பெறுவார்கள். அந்தச் சொத்து முதல் பத்தியிலேயே நிற்கும். தம்பிக்கோ நண்பருக்கோ எழுதியது பயனற்றுப்போய், மாற்று ஏற்பாடும் மிச்சச் சொத்துக்கான வாசகமும் இல்லாதிருந்தால், அது இரண்டாம் பத்திக்கு இறங்கிவிடும்.

எங்களுக்கு ஒரு தடை இங்கேயே வந்தது. உயில் இருக்கிறதே என்று நினைத்து, நெருங்கிய உறவினர் யார் யார் என்று உறுதிமொழி கூறும் J192 படிவத்தை நான் இணைக்கவில்லை. ஒரு பகுதி உயிலின்றிப் போவதால் அந்த வாரிசுகளையும் நிறுவியாக வேண்டும் என்று, மரணச் சொத்துகளை மேற்பார்வையிடும் உயர்நீதிமன்ற அதிகாரியான மாஸ்டரின் அலுவலகத்தில் கேட்டார்கள். கோப்பு திரும்பி வந்தது. முதல் முறையிலேயே இணைத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: கடனை எந்தப் பத்தியில் கழிப்பது

உயிலில் ஒரு குறிப்பிட்ட பொருளைப் பெறுபவருக்கும் மிச்சத்தைப் பெறுபவர்களுக்கும் இடையே, கடன்களையும் நிர்வாகச் செலவையும் முதலில் தாங்குவது மிச்சச் சொத்துதான். அது போதாதபோதுதான் உயில்வழிக் கொடைமீது கைவைக்க வேண்டும். நான் முதலில் கடனை வீட்டுக்கும் மிச்சத்துக்கும் விகிதப்படி பிரித்தேன், அது தவறு.

புரிவதற்காக முழு எண்களாக்கிச் சொல்கிறேன். அடமானம் ஏதுமில்லாத வீட்டின் மதிப்பு 11,00,000 ராண்ட். உயில் தொடாத சொத்துகள் 10,40,000 ராண்ட். கடன், ஈமச்செலவு, நிர்வாகச் செலவு எல்லாம் சேர்த்து 80,000 ராண்ட். ஆகவே பங்கிடக் கிடைப்பது 9,60,000 ராண்ட்.

மூன்றாம் படி: நான் இடறிய இடம்

பெரியம்மா உயிருடன் இருக்கிறார். பிள்ளைகள் மூவர், அவர்களில் நடுமகன் முன்பே இறந்துவிட்டார், அவருக்கு இரண்டு பிள்ளைகள். இத்தகைய குடும்பத்தில் மனைவி பெறுவது ஒரு "பிள்ளைப் பங்கு" அல்லது அமைச்சர் நிர்ணயித்த தொகை, இவற்றில் எது பெரிதோ அது. அந்தத் தொகை 2014 நவம்பர் முதல் 2,50,000 ராண்ட். பிள்ளைப் பங்கைக் காண, உயிருடன் உள்ள பிள்ளைகளையும், சந்ததியை விட்டு இறந்த பிள்ளைகளையும் எண்ணி, மனைவிக்காக ஒன்று கூட்டி, அந்த எண்ணால் வகுக்க வேண்டும்.

வீட்டையும் சேர்த்து மொத்தச் சொத்தை நான்கால் வகுத்ததுதான் நான் செய்த பெரும்பிழை. அப்படி வகுத்தால் பெரியம்மாவின் பங்கு ஐந்து லட்சத்தைத் தொட்டது, ஆனால் அது உயிலற்ற சொத்தின் கணக்கே அன்று. 9,60,000-ஐ நான்கால் வகுத்தால் 2,40,000 வருகிறது. இது நிர்ணயத் தொகையைவிடக் குறைவு என்பதால் பெரியம்மாவுக்கு 2,50,000 ராண்ட். மீதி 7,10,000 மூன்று கிளைகளுக்குச் சமமாகப் பிரிந்து, கிளைக்கு ஏறத்தாழ 2,36,667 ராண்ட் ஆகிறது. நடுமகனின் பிள்ளைகள் இருவரும் தந்தையின் கிளைப்பங்கைப் பாதியாகப் பிரித்து, ஆளுக்கு ஏறத்தாழ 1,18,333 ராண்ட் பெறுகிறார்கள்.

"அக்காதான் வீட்டை வாங்கிக்கொண்டாரே, இதிலும் பங்கா?" என்று இளைய தம்பி கேட்டார். அவருடைய வருத்தம் எனக்குப் புரிந்தது. ஆயினும் உயிலால் கிடைத்தது உயிலற்ற பங்கிலிருந்து கழிக்கப்படுவதில்லை. தந்தை உயிருடன் இருந்தபோது ஒரு பிள்ளைக்குத் தந்ததைக் கணக்கில் கொண்டுவரச் சொல்லும் விதி வேறு. அதை இதனுடன் குழப்பிக்கொண்டால் குடும்பத்தில் வீண்சண்டைதான் மிஞ்சும்.

கணக்கைக் குறிப்பேட்டில் கையால் போடுவதைவிட விரிதாளில் போடுவதையே நான் வற்புறுத்துவேன், ஏனெனில் செலவுத் தொகை இறுதிவரை மாறிக்கொண்டே இருக்கும். B1-இல் கடன் கழித்த உயிலற்ற சொத்தையும், B2-இல் கிளைகளின் எண்ணிக்கையையும் இட்டால், மனைவியின் பங்கை இந்தச் சூத்திரம் தரும்:

```
=MAX(MIN(250000,B1),B1/(B2+1))
```

மொத்தமே 2,50,000-க்குள் அடங்கினால் பிள்ளைகளுக்கு எதுவும் மிஞ்சாது என்பதையும் இது சரியாகக் காட்டும்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

பெரியப்பாவும் பெரியம்மாவும் முன்மண ஒப்பந்தத்தின்படி தனித்தனிச் சொத்துடன் மணந்தவர்கள். கூட்டுச் சொத்துடைமையில் மணந்த ஒருவர் என் எண்களை அப்படியே எடுத்துக்கொண்டதாக எழுதியிருந்தார், அது பொருந்தாது. அங்கே பாதி முதலிலேயே மனைவிக்கு உரியது, இறந்தவரின் பாதிமட்டுமே வாரிசுக்கணக்குக்கு வரும். செலவை மாற்றாமல் அதே எண்களை வைத்துப் பார்த்தால், 4,80,000-இல் பிள்ளைப் பங்கு 1,20,000 மட்டுமே. ஆகவே மனைவிக்கு 2,50,000 போக, கிளைக்கு ஏறத்தாழ 76,667 ராண்ட். பொது வீடாக இருந்தால், உயிலும் அவருடைய பாதியை மட்டுமே தர முடியும்.

இந்து முறைப்படி மட்டும் மணந்து, அரசுப் பதிவு செய்யாத மனைவிக்கு உரிமை உண்டா என்று பீனிக்ஸிலிருந்து ஓர் அம்மா கேட்டிருந்தார். கோவிந்தர் எதிர் ராகவையா வழக்கில் டர்பன் உயர்நீதிமன்றம், ஒருதார இந்து மணத்தின் மனைவியும் இச்சட்டத்தில் "துணைவர்" தான் என்று தீர்ப்பளித்திருக்கிறது. மணம் நடந்ததை நிறுவச் சான்றுகள் வேண்டும் என்பதால், கோயில் பதிவையும் திருமணப் புகைப்படங்களையும் பத்திரமாக வைத்திருங்கள்.

வயது வராத பேரப்பிள்ளைகளின் பணத்தைத் தாயிடம் நேராகக் கொடுத்துவிடலாமா என்றும் கேட்டார்கள். பொதுவாக அது மாஸ்டரின் பொறுப்பிலுள்ள பாதுகாவலர் நிதிக்குச் செல்லும். எங்கள் பேரப்பிள்ளைகளின் பங்கும் அங்கேதான் போயிற்று.

கடைசியாக, தன் பங்கு வேண்டாம் என்று மகள் எழுதிக்கொடுத்தால் அது யாருக்குப் போகும் என்ற கேள்வி. உயிருடன் துணைவர் இருக்கும்போது, வயதுவந்த, மனநலம் உள்ள சந்ததி துறக்கும் உயிலற்ற பங்கு துணைவருக்கே சேரும். மற்ற உடன்பிறந்தோருக்குப் பிரிவதில்லை. எங்கள் மூத்த அக்கா அவ்வாறே எழுதிக்கொடுத்தார். அதனால் பெரியம்மாவின் தொகை ஏறத்தாழ 4,86,667 ராண்ட் ஆயிற்று.