ரீஹோஸ்டா, ரீபிளாட்ஃபார்மா, ரிட்டயரா? பழைய அப்ளிகேஷனை நகர்த்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளவுடுக்கு மாறும் மைக்ரேஷன் ரோட்மேப் போடும்போது பல இடங்களில் நடப்பது இதுதான்: டேட்டா சென்டரில் இருக்கும் சர்வர்களை எல்லாம் ஒரு எக்ஸெல் ஷீட்டில் வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ரீஹோஸ்ட், ரீபிளாட்ஃபார்ம், ரிட்டயர் என்று ஏதோ ஒன்றை நிரப்பிவிடுவார்கள். ரீஹோஸ்ட் என்றால் அப்படியே தூக்கிக் கிளவுடில் வைப்பது, ரீபிளாட்ஃபார்ம் என்றால் நகர்த்தும்போதே அடியில் இருக்கும் டேட்டாபேஸ் போன்றதை மட்டும் மாற்றுவது, ரிட்டயர் என்றால் நிறுத்திவிடுவது. எந்த சர்வர் எதோடு பேசுகிறது என்ற விவரம் அந்த ஷீட்டில் இருக்காது, சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு தொழிற்சாலையின் ஸ்டாக் அப்ளிகேஷனை எடுத்துக்கொள்வோம். ஜாவாவில் எழுதியது, டாம்கேட்டில் ஓடுகிறது, பின்னால் ஆரக்கிள் டேட்டாபேஸ். டேட்டாபேஸ் பெரியது, லைசென்ஸ் பிரச்சினை வேறு இருக்கிறது, அதனால் இப்போதைக்கு ஆப் சர்வரை மட்டும் ரீஹோஸ்ட் செய்வோம், மற்றது ஆறு மாதம் கழித்து வரட்டும் என்று முடிவெடுப்பார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பழைய அப்ளிகேஷன்கள் பலவும் ஒரு ஸ்கிரீனைத் திறக்கவே டேட்டாபேஸுக்கு நூற்றுக்கணக்கான தடவை போய்வரும், ஏனென்றால் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் தனித்தனி குவெரி எழுதியிருப்பார்கள். 900 தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே டேட்டா சென்டருக்குள் ஒரு தடவைக்கு 0.5 மில்லிசெகண்ட் ஆனால், நெட்வொர்க்கில் போகும் நேரம் அரை செகண்டுக்கும் குறைவு. கிளவுடுக்கும் டேட்டா சென்டருக்கும் நடுவில் அது 10 மில்லிசெகண்ட் ஆகிவிட்டால் அதே ஸ்கிரீனுக்கு 9 செகண்ட். சிபியு, மெமரி கிராஃபில் ஒன்றும் தெரியாது, அதனால் இன்ஸ்டன்ஸைப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள், பேண்ட்வித்தைக் கூட்டிப் பார்ப்பார்கள், பில்தான் ஏறும்.

இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியும். டெஸ்ட் சூழலில் வேறு யாரும் உள்ளே இல்லாத நேரத்தில், கனெக்‌ஷன் பூலை ஒன்றாகக் குறைத்துவிட்டு, ஸ்கிரீனைத் திறப்பதற்கு முன்பும் பின்பும் இதை ஓட்டி வித்தியாசத்தைப் பாருங்கள்:

```sql
SELECT s.value
FROM v$sesstat s JOIN v$statname n
  ON n.statistic# = s.statistic#
WHERE n.name = 'SQL*Net roundtrips to/from client'
  AND s.sid = :sid;
```

அப்புறம் அதே டெஸ்ட் ஆப் சர்வர் லினக்ஸாக இருந்தால், செயற்கையாகத் தாமதத்தைச் சேர்த்து, அந்த அப்ளிகேஷனைத் தினமும் பயன்படுத்துகிறவரை உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்:

```
tc qdisc add dev eth0 root netem delay 10ms
```

அவர் சகிக்க முடியவில்லை என்றால் ஆப்பும் டேட்டாபேஸும் ஒரே நாளில்தான் நகர வேண்டும், ரோட்மேப்பில் இரண்டுக்கும் ஒரே வரி.

சரி, டேட்டாபேஸும் வருகிறது, அப்படியே ஏடபிள்யூஎஸ் கிளவுடே டேட்டாபேஸைப் பராமரித்துத் தரும் ஆர்டிஎஸ்ஸுக்கு ரீபிளாட்ஃபார்ம் செய்துவிடலாமே என்ற யோசனை அடுத்து வரும். பேக்கப், பேட்ச் எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஆர்டிஎஸ்ஸில் டேட்டாபேஸ் ஓடும் மெஷினுக்குள் லாகின் செய்ய முடியாது, ஆரக்கிளின் உச்ச அதிகாரமான SYSDBA உரிமையும் கிடைக்காது. டேட்டாபேஸ் சர்வரிலேயே கிரானில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் ராத்திரி 2 மணிக்கு ஓடி, சப்ளையர் அனுப்பிய ஃபைலை ஆரக்கிளின் sqlldr வைத்து ஏற்றிக்கொண்டிருந்தால், அந்த ஸ்கிரிப்டுக்கு அங்கே இடமே இல்லை. அதனால் முடிவெடுப்பதற்கு முன் அந்த மெஷினில் எல்லா யூசருக்கும் crontab -l போட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று ஸ்கிரிப்ட் என்றால் ஒரு சின்ன மெஷினுக்கு மாற்றிவிடலாம். முப்பது இருந்தால், ஏடபிள்யூஎஸ்ஸில் நாமே லாகின் செய்யக்கூடிய சர்வரான ஈசி2வில் ஆரக்கிளை அப்படியே ரீஹோஸ்ட் செய்துவிட்டு ஸ்கிரிப்டுகளை நிதானமாகப் பிரிப்பதுதான் என் தேர்வு.

ஆரக்கிள் லைசென்ஸையும் இங்கேயே கணக்குப் போட்டுவிடுங்கள். எண்டர்பிரைஸ் எடிஷனுக்கு, சொந்த சர்வரில் 8 இன்டெல் கோர் இருந்தால் 0.5 என்ற கோர் ஃபேக்டரால் பெருக்கி 4 லைசென்ஸ் போதும். ஏடபிள்யூஎஸ்ஸில் அந்த ஃபேக்டர் செல்லாது, ஹைப்பர்த்ரெடிங் இருந்தால் 2 விசிபியுவுக்கு 1 லைசென்ஸ். அதாவது அதே 4 லைசென்ஸுக்கு 8 விசிபியு, உண்மையில் 4 கோர்தான்.

ரிட்டயர் விஷயத்தில் தவறு வேறு மாதிரி. 90 நாள் கண்காணித்து, யாருமே கனெக்ட் செய்யவில்லை, அணைத்துவிடலாம் என்று எழுதிவிடுவார்கள். ஜூலையில் ஆரம்பித்த கண்காணிப்பில் மார்ச் 31 கணக்கு முடிப்பு எப்படித் தெரியும்? வருடத்துக்கு ஒருமுறை ஆடிட்டர் கேட்கும் ஸ்டாக் மதிப்பு ரிப்போர்ட்டை அந்த அப்ளிகேஷன்தான் தருகிறது என்பது அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்கலாம். லாகோடு நிறுத்தாமல் அவரிடம் போய்க் கேளுங்கள். அப்ளிகேஷனை நிறுத்துவதும் டேட்டாவை அழிப்பதும் ஒன்றல்ல, 2013 கம்பெனிகள் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும். டேபிள்களை சிஎஸ்வியாக எடுத்து, பழைய ரிப்போர்ட் ஒன்றை அதிலிருந்து மறுபடி உருவாக்கி, எண்கள் பொருந்துகின்றனவா என்று சரிபார்த்த பிறகு நெட்வொர்க்கை மட்டும் துண்டித்து, மெஷினை ஒரு ஏப்ரல் தாண்டும் வரை விட்டுவையுங்கள்.