"நடுவில் இரண்டு வருஷம் என்ன ஆச்சு?" டெக்னிக்கல் ரவுண்டில் பதில் சொல்வது எப்படி

ரெஸ்யூமேயில் இரண்டு வருட இடைவெளி இருந்தால் இந்தக் கேள்வி வந்தே தீரும். கேட்பவர் நாளைக்கு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கோட் எழுதப்போகிற ஆள். அவருக்கு மூன்று விஷயம் தெரிந்தால் போதும்: வேலை ஏன் போனது, இடைவெளிக்கான காரணம் இப்போது தீர்ந்துவிட்டதா, கை இன்னும் ஓடுகிறதா. நேர்காணல் எடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், முதல் இரண்டுக்கும் அரை நிமிடம் போதும். மூன்றாவதில்தான் ஆட்டமே.

ஒரு ஜாவா பேக்எண்ட் டெவலப்பரை எடுத்துக்கொள்வோம். 2022 செப்டம்பரில் லேஆஃப். அடுத்த மாதமே அப்பாவுக்குப் பக்கவாதம், கூட இருந்து பார்த்துக்கொண்டார். 2024 அக்டோபரில் நேர்காணல்.

படி 1: தேதிகளில் கை வைக்காதீர்கள்

ரெஸ்யூமே, லிங்க்ட்இன், ரிலீவிங் லெட்டர் மூன்றிலும் மாதமும் வருடமும் ஒன்றாக இருக்கட்டும். பழைய வேலையை நாலு மாதம் இழுத்து எழுதினால் பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷனில் மாட்டும், ஏனென்றால் அங்கே சரிபார்ப்பதே சேர்ந்த தேதியையும் விலகிய தேதியையும்தான். இடைவெளியை மறைக்க 'ஃப்ரீலான்ஸ்' என்று போட்டால், "யாருக்கு, என்ன செய்து கொடுத்தீர்கள்?" என்ற அடுத்த கேள்வியிலேயே கதை முடிந்துவிடும்.

படி 2: நாலு வாக்கியம் எழுதுங்கள்

> "2022 செப்டம்பரில் நான் இருந்த டீமையே மூடினார்கள், பன்னிரண்டு பேரும் வெளியே வந்தோம். அடுத்த மாதம் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது, நான்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டேன். இப்போது அவர் தேறிவிட்டார், என்னால் முழுநேரம் வேலை செய்ய முடியும். மே மாதத்திலிருந்து என் சொந்த ப்ராஜெக்ட் ஒன்றை ஸ்பிரிங் பூட் 2.7-இலிருந்து 3-க்கு மாற்றினேன், அதைப் பற்றிச் சொல்லட்டுமா?"

டீமில் சிலரை மட்டும் நீக்கியிருந்தால் அதை அப்படியே சொல்லுங்கள்: "ஆட்குறைப்பில் சிலரை எடுத்தார்கள், அதில் நானும் ஒருவன்." பழைய மேனேஜரைத் திட்ட வேண்டாம், மருத்துவ விவரமும் வேண்டாம். பலர் கோட்டை விடுவது மூன்றாவது வாக்கியத்தை. அது இல்லையென்றால் 'இவர் மறுபடி போய்விடுவாரோ' என்ற கேள்வி எதிரே இருப்பவர் மனதில் தொங்கிக்கொண்டே இருக்கும்.

படி 3: நாலாவது வாக்கியத்துக்குச் சரக்கு சேருங்கள்

"படித்துக்கொண்டிருந்தேன், நிறைய கோர்ஸ் முடித்தேன்" என்பது எந்தக் காதிலும் நிற்காது. நீங்கள் இல்லாத காலத்தில் உங்கள் துறையில் என்ன மாறியது என்று பார்த்து, அதில் ஒன்றை மட்டும் கையால் செய்யுங்கள். நம் ஆள் வெளியே வந்த இரண்டு மாதத்தில், 2022 நவம்பரில், ஸ்பிரிங் பூட் 3 வந்தது. அதற்குக் குறைந்தது ஜாவா 17 வேண்டும். இம்போர்ட் வரிகளும் மாறின:

```java
// முன்பு
import javax.persistence.Entity;
// இப்போது
import jakarta.persistence.Entity;
```

சரி, `javax` என்று இருப்பதையெல்லாம் `jakarta` என்று மாற்றிவிடலாமே? நம் ஆளும் அதைத்தான் செய்தார். `javax.sql.DataSource`-உம் சேர்ந்து மாறி, பில்ட் உடைந்தது. அது ஜேடிகேயோடு வரும் பேக்கேஜ், பெயர் மாறவில்லை. அப்புறம் செக்யூரிட்டி கான்ஃபிகில் `WebSecurityConfigurerAdapter` என்ற கிளாஸே காணோம். புதிய வெர்ஷனில் அதை நீக்கிவிட்டார்கள், `SecurityFilterChain` என்று ஒரு பீன் எழுத வேண்டும்.

எதிரில் இருப்பவருக்கு இந்த `javax.sql` கதை ஒன்று போதும். வெறுமனே வாசித்தவர் இதைச் சொல்ல மாட்டார், செய்து அடிபட்டவர்தான் சொல்வார். ஆனால் எடுத்துப் பழகுவது சொந்தக் கோடாக இருக்கட்டும். பழைய கம்பெனியின் கோடைக் கொண்டுவந்து காட்டினால் அதுவே உங்களை வெளியே அனுப்பிவிடும்.

படி 4: இரண்டு கேள்வி ஆழம் வரை ஒத்திகை

நண்பரை உட்கார வைத்து, நீங்கள் சொல்லும் ஒவ்வொன்றின் மேலும் இரண்டு துணைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். இரண்டாவதில் திணறினால் அந்த விஷயத்தைப் பதிலிலிருந்து எடுத்துவிடுங்கள், அல்லது அளவைக் குறைத்துச் சொல்லுங்கள். "ஜாவா 21-இன் வெர்ச்சுவல் த்ரெட்ஸ்?" என்று கேட்டால், "எதற்கு என்று தெரியும், ஓட்டிப் பார்க்கவில்லை" என்பது நல்ல பதில்.

நேர்காணலில் உங்கள் பதில் எடுபட்டதா என்று கண்டுபிடிப்பது எளிது. "மைக்ரேஷனில் டெஸ்ட் எதெல்லாம் உடைந்தது?" என்று அவர் கேட்டால் இடைவெளிப் பேச்சு முடிந்துவிட்டது, நீங்களும் அதை விட்டுவிடுங்கள். மூன்றாவது தடவையும் இடைவெளிக்கே திரும்பி வருகிறார் என்றால், ஏதோ ஒன்று அவருக்குத் தெளிவாகவில்லை. கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டாம். "இதில் எந்தப் பகுதி தெளிவாக இல்லை, சொல்லுங்கள்" என்று நேராகவே கேட்டுவிடலாம்.