அவுஸ்ஃபார்ட் ஊர்ப் பெயர் அல்ல: ஜெர்மன் சாலைப் பலகைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மனியில் ஓட்டுநர் உரிமத்துக்கான எழுத்துத் தேர்வை ஜெர்மன் தவிர இன்னும் 12 மொழிகளில் எழுதலாம். ஆங்கிலம், துருக்கி, அரபு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு, தமிழ் இல்லை. ஆங்கிலத்தில் எழுதித் தேறியவர்களுக்கும் சிக்கல் அதற்கு அடுத்த கட்டத்தில் காத்திருக்கிறது. சாலையில் நிற்கும் பலகைகள் ஜெர்மனில் இருக்கும். காரில் ஓட்டிக்காட்டும் தேர்வில் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் தேர்வாளர் வழி சொல்வதும் ஜெர்மனில்தான். நம் ஊர் உரிமம் வைத்திருப்பவர்களுக்கும் இதில் விலக்கு இல்லை. இந்திய உரிமத்தோடு ஜெர்மனிக்குக் குடிவந்தால் 6 மாதம்தான் ஓட்டலாம், பிறகு இரண்டு தேர்வையும் எழுதியே ஆக வேண்டும்.

பலகைச் சொற்களை யாரும் அகராதி பார்த்து மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் ஒரே சொல் நிற்கும் இடத்தையும் பலகையின் நிறத்தையும் பொறுத்து வேறு வேறு வேலை செய்கிறது. பெரும்பாலான தவறுகள் அங்கேதான் பிறக்கின்றன.

அவுஸ்ஃபார்ட்: சொல் தெரிந்தும் தவறவிடுவது

Ausfahrt என்றால் வண்டி வெளியேறும் வழி. உச்சரிப்பு ஏறக்குறைய அவுஸ்ஃபார்ட். ஜெர்மன் விரைவுச்சாலையான ஆட்டோபானில் இந்தச் சொல்லை ஊர்ப் பெயர் என்று எண்ணி, எத்தனை கிலோமீட்டர் போனாலும் அதே ஊர் வருகிறதே என்று குழம்புவது புதிதாக வருபவர்கள் பலருக்கும் நேர்வதுதான். அது ஒரே நாளில் தெளிந்துவிடும். அதைவிடப் பெரிய தவறு, அவுஸ்ஃபார்ட் என்று எழுதிய பலகை கண்ணில் படும்வரை காத்திருப்பது. அந்தப் பலகை நிற்பது பிரியும் இடத்திலேயே. அப்போது நீங்கள் வலப்பக்கத் தடத்தில் இல்லையென்றால் நேரம் கடந்துவிட்டது.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து A8 ஆட்டோபான் வழியாக உல்ம் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இறங்க வேண்டியது உல்ம்-வெஸ்ட், அதன் எண் 62. அதற்கு முந்தைய வெளியேற்றம் மெர்க்லிங்கன், எண் 61. 61-ஐக் கடந்ததுமே அடுத்தது நம்முடையது என்று தெரிந்துவிட வேண்டும். 1000 மீட்டருக்கு முன்னால் ஒரு நீலப் பலகை எண்ணையும் பெயரையும் சொல்லும். 500 மீட்டரில் இன்னொன்று, எந்தெந்த ஊர்களுக்கு இங்கே பிரிய வேண்டும் என்று அம்புக்குறியோடு காட்டும். அதன்பின் சாலையோரத்தில் உயரமான சிறு நீலக் கட்டைகள் வரும். மூன்று வெள்ளைச் சாய்கோடு இருந்தால் 300 மீட்டர், இரண்டு என்றால் 200, ஒன்று என்றால் 100. மணிக்கு 120 கிலோமீட்டரில் போகும்போது அந்த 300 மீட்டர் 9 நொடியில் தீர்ந்துவிடும். ஆகவே தடம் மாறும் வேலை 1000 மீட்டர் பலகையிலேயே தொடங்கி, 500-க்குள் முடிந்திருக்க வேண்டும்.

வேகத்தைக் குறைப்பதிலும் ஒரு தவறு உண்டு. பதற்றத்தில் பலரும் நேர்ச்சாலையில் இருக்கும்போதே பிரேக்கை மிதிக்கிறார்கள். வேகம் குறைப்பதற்கென்றே வலப்பக்கம் தனித்தடம் பிரிகிறது. அதற்குள் நுழைந்த பிறகுதான் பிரேக். தேர்வாளர் இதைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பார்.

தவறவிட்டுவிட்டால்? 62 போனால் அடுத்து உல்ம்-ஓஸ்ட் வரும், எண் 63. அங்கே பிரிந்து திரும்பி வந்தால் சில நிமிடங்கள்தான் கூடும். நின்று பின்னோக்கி எடுப்பதோ, கடைசி நொடியில் கோடு போட்ட முக்கோணப் பகுதியைக் குறுக்கே வெட்டுவதோ உயிருக்கு உலை வைக்கும் காரியம். ஆட்டோபானின் நேர்ச்சாலையில் பின்னோக்கி ஓட்டினால் 200 யூரோ அபராதத்தோடு ஒரு மாதம் வண்டி ஓட்டத் தடையும் வரும்.

இதே சொல் ஊருக்குள் ஒரு வீட்டின் கதவிலும் இருக்கும். Ausfahrt freihalten என்று கராஜ் கதவில் எழுதியிருந்தால், வண்டி வெளியே வரும் வாசல், அதை மறிக்காதே என்று பொருள். எழுதாவிட்டாலும் அங்கே நிறுத்தக் கூடாது என்பதே சட்டம். குறுகிய தெருவாக இருந்தால் வாசலுக்கு எதிர்ப்பக்கத்திலும் நிறுத்தக் கூடாது.

ரயில் நிலையத்தில் நடந்து வெளியேறும் வழிக்கு அவுஸ்ஃபார்ட் என்று தேடாதீர்கள். கால்நடையாகப் போகும் வழி Ausgang, அவுஸ்காங். அங்கே சுவரில் மஞ்சள் தாளில் ஒட்டியிருக்கும் Abfahrt ரயில்கள் புறப்படும் நேரம். ஆட்டோபான் வெளியேற்றத்தையும் பேச்சில் அப்ஃபார்ட் என்பவர்கள் உண்டு, பயிற்சியாளர் அப்படிச் சொன்னால் திகைக்க வேண்டாம்.

உம்லைட்டுங்: மூன்று வகை U

Umleitung என்பது மாற்றுப்பாதை. மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து, அம்புக்குறி. முதல் தவறு, ஒரு பலகையைப் பார்த்துத் திரும்பியதும் வேலை முடிந்தது என்று நினைப்பது. மாற்றுப்பாதை பல திருப்பங்கள் கொண்ட சங்கிலி. நடுவில் முழுச் சொல்லும் எழுதப்படாமல், சிறிய மஞ்சள் பலகையில் கறுப்பு U-வும் அம்பும் மட்டும் இருக்கும். ஒவ்வொரு சந்திப்பிலும் அதைத் தேட வேண்டும். உம்லைட்டுங் என்ற சொல்லின் மேல் சிவப்புச் சாய்கோடு போட்ட பலகை வந்தால்தான் முடிந்தது. அம்புக்கு மேல் லாரிப் படம் இருந்தால் அது லாரிகளுக்கு மட்டும், காரில் போகும் நீங்கள் நேராகப் போகலாம்.

மஞ்சள் பலகை எல்லாமே மாற்றுப்பாதை என்று எண்ணுவதும் தவறு. ஆட்டோபானை விட்டிறங்கினால் சாதாரண வழிகாட்டிப் பலகைகளும் மஞ்சள்தான், ஊர் எல்லைப் பலகையும் மஞ்சள்தான். சொல்லையோ U-வையோ பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது U நீலத்தில் இருக்கும், பக்கத்தில் ஓர் எண்ணும் அம்பும். U 22 என்று வைத்துக்கொள்வோம். இது எப்போதும் நின்றுகொண்டே இருக்கும் பலகை. ஆட்டோபானில் விபத்தோ நெரிசலோ ஏற்பட்டால், ஒரு வெளியேற்றத்தில் இறங்கி அடுத்த நுழைவாயில்வரை ஊர்ச் சாலைகள் வழியாகப் போவதற்கான பாதையை அது காட்டுகிறது. 22 என்று தொடங்கினால் 22-ஐயே பின்பற்றுங்கள். நடுவில் வேறு எண்ணோடு ஒரு பலகை எதிர்ப்பட்டால் அது வேறு பாதைக்கு உரியது. ஆட்டோபான் சீராக ஓடும் நாளில் இந்தப் பலகையைக் கண்டு இறங்க வேண்டிய தேவையே இல்லை.

மூன்றாவது U நகரத்துக்குள் நீலச் சதுரத்தில் வெள்ளையாக, எண் இல்லாமல், அம்பு இல்லாமல் நிற்கும். அது சுரங்க ரயில் நிலையம். ஓட்டுபவருக்கு அதில் கட்டளை ஏதும் இல்லை. படியேறி வருகிறவர்கள் சாலையைக் கடப்பார்கள் என்ற எச்சரிக்கையாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

கீழே தொங்கும் சிறு வெள்ளைப் பலகை

மாற்றுப்பாதையில் சுற்ற மனமில்லாமல், கைப்பேசி காட்டும் குறுக்குத் தெருவில் நுழைவது எல்லோருக்கும் வரும் ஆசை. அந்தத் தெருமுனையில் சிவப்பு வளையம் போட்ட வெள்ளை வட்டம் இருக்கும், எந்த வண்டியும் நுழையக் கூடாது என்று பொருள். அதன் கீழே Anlieger frei, அன்லீகர் ஃப்ரை. ஃப்ரை என்பதைத் தடை இல்லை, தாராளமாகப் போகலாம் என்று படித்துவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள். மேலே உள்ள தடை அப்படியே இருக்கிறது, அன்லீகர்களுக்கு மட்டும் விலக்கு. அங்கே குடியிருப்பவர், அங்கே ஒருவரைப் பார்க்கவோ ஒரு கடைக்கோ போகிறவர் அன்லீகர். தெருவை ஊடுருவி மறுபக்கம் வெளியேற நினைக்கும் நீங்கள் அன்லீகர் அல்ல.

சைக்கிள் படத்தோடு ஃப்ரை என்று வந்தால் இன்னும் கவனம் தேவை. ஒருவழித் தெருவின் தடுக்கப்பட்ட முனையில், சிவப்பு வட்டத்தில் வெள்ளைப் பட்டை போட்ட பலகையின் கீழ் இது இருந்தால், சைக்கிள்கள் எதிர்த்திசையில் வர உரிமை உண்டு. நீங்கள் சரியான முனையிலிருந்து நுழைந்து, ஒருவழிதானே என்று நடுவில் ஓட்டிக்கொண்டு போகும்போது எதிரே ஒரு சைக்கிள் வரும். தவறு அவருடையது அல்ல. அந்தத் தெருவில் வலப்பக்கம் ஒதுங்கி, மெதுவாகப் போவதே முறை.

கடைசியாக werktags, வெர்க்டாக்ஸ். வேலைநாள்களில் என்று அகராதி சொல்லும். நாம் திங்கள் முதல் வெள்ளி என்று எடுத்துக்கொள்வோம். சாலைச் சட்டத்தில் சனிக்கிழமையும் இதில் சேரும். ஞாயிறும் அரசு விடுமுறைகளும் மட்டுமே வெளியே. சனிக்கிழமை காலை காய்கறி வாங்கப் போய், "வெர்க்டாக்ஸ் 7–19 h" என்ற பலகையின் கீழ் நிம்மதியாக நிறுத்திவிட்டு வந்து, கண்ணாடியில் அபராதச் சீட்டைக் கண்டு திகைப்பவர்கள் ஏராளம்.

அதே இடத்தில், வந்த நேரத்தைக் காட்டக் காருக்குள் வைக்கும் நீல நிற நேர வட்டின் படமும் 2 Std. என்பதும் இருந்தால் இரண்டு மணி நேரம் நிறுத்தலாம். வட்டை வந்து சேர்ந்த நேரத்துக்கே திருப்பி வைப்பது தவறு. அடுத்து வரும் அரைமணிக் கோட்டுக்கு வைக்க வேண்டும். சனிக்கிழமை 10:05-க்கு வந்தால் முள் 10:30-இல் நிற்க வேண்டும், 12:30 வரை நேரம் உண்டு. 10:35-க்கு வந்தால் 11:00. வட்டு கண்ணாடிக்கு உள்ளே, வெளியிலிருந்து படிக்கும்படி இருக்க வேண்டும். மணி முடிந்ததும் வந்து முள்ளை மட்டும் நகர்த்தி வைப்பதை அனுமதிப்பதில்லை, வண்டியை எடுத்துவிட வேண்டும்.